பேச்சுக்கு முதல் வரிசை

இணையத் தொலைபேசியில் குரல் துண்டு துண்டாகத்தான் போகிறது. பேசுபவரின் குரலை 20 மில்லி விநாடிக்கு ஒரு துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் போய்ச் சேரவேண்டிய முகவரியை ஒட்டி, பாக்கெட்டாக அனுப்புகிறது தொலைபேசி. பரவலாகப் புழங்கும் ஜி.711 முறையில் ஒரு பாக்கெட்டில் 160 பைட் குரல் இருக்கும். முகவரியும் பிற குறிப்புகளுமாக இன்னும் 40 பைட். விநாடிக்கு 50 பாக்கெட் போகும். ஈதர்நெட் மேலுறையையும் சேர்த்தால், ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் சுமார் 87 கிலோபிட் வேகம் போதும்.

இன்றைய இணைப்புகளுக்கு இது மிகச் சிறிய சுமை. ஆனாலும் அலுவலகத்தில் யாரோ ஒரு பெரிய கோப்பை மேலேற்றத் தொடங்கியதும் பேச்சு விட்டு விட்டுக் கேட்கிறது. காரணம், குரலுக்கு வேகத்தைவிட நேரம் முக்கியம். ஒரு திசைத் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்கிறது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. பாக்கெட்டுகள் சீரான இடைவெளியிலும் வரவேண்டும். முன்பின்னாக வருவதைச் சரிசெய்ய, கேட்கும் முனையிலுள்ள தொலைபேசி சில பத்து மில்லி விநாடி காத்திருந்து பார்க்கும். அதற்கும் பிந்தி வந்த பாக்கெட் நல்ல நிலையில் வந்தாலும் குப்பைதான். அந்த இடத்தில் பேச்சு அறுபடும்.

தாமதம் எங்கே உண்டாகிறது? ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்ளலாம். உள்ளே 1 ஜிகாபிட் வலையமைப்பு. வெளியே போகும் இணைப்போ 10 மெகாபிட். அகலமான வழியில் வருபவை ஒடுங்கிய வாயிலில் வரிசை கட்ட வேண்டியதுதான். அங்கே 256 பாக்கெட் நிற்க இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோப்பு மேலேற்றத்தின் பாக்கெட் ஒவ்வொன்றும் 1,500 பைட். 10 மெகாபிட் வழியில் அப்படி ஒன்றை வெளியே தள்ள 1.2 மில்லி விநாடி ஆகும். வரிசை நிரம்பியிருந்தால் கடைசியில் வந்து நிற்கும் குரல் பாக்கெட் 300 மில்லி விநாடிக்கு மேல் காத்திருக்கும். ஜி.114 சொல்லும் எல்லையின் இரு மடங்கு, வாசலைத் தாண்டும் முன்பே போய்விட்டது. இணைப்பைப் பெரிதாக்கினால் காத்திருப்பு குறையும், ஆனால் நோய் தீராது. கோப்புப் பரிமாற்றம் இருக்கிற வேகத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு, வரிசை நிரம்பி வழியும் வரை விடாது. அதன் இயல்பே அது.

தீர்வுக்கு இரண்டு பாதிகள் உண்டு. முதல் பாதி, அடையாளம் இடுதல். ஒவ்வொரு ஐ.பி. பாக்கெட்டின் தலைப்பிலும் இதற்கென 6 பிட் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. டி.எஸ்.சி.பி. எனப்படும் இந்தப் புலம் 1998இல் வரையறுக்கப்பட்டது. 0 முதல் 63 வரை எதையும் எழுதலாம். குரலுக்கு வழக்கமாக எழுதும் எண் 46, அதாவது இரும எண்ணில் 101110. இணையத் தொலைபேசிகள் பெரும்பாலும் தாமாகவே இதை எழுதிவிடும். ஆனால் எழுதியதாலேயே பாக்கெட் ஒரு கணமும் முந்திவிடாது. கடிதத்தின் மேல் ‘அவசரம்’ என்று எழுதலாம். தபால்காரர் அதைப் படித்தால்தானே பயன்? பல அலுவலகங்களில் தொலைபேசிகள் 46 என்று சரியாக எழுதுகின்றன, எந்தக் கருவியும் அதைப் பார்ப்பதில்லை.

பார்க்கும் வேலை இரண்டாம் பாதி, அதுதான் வரிசை. வாயிலில் இருக்கும் ரௌட்டர் ஒரே வரிசைக்குப் பதிலாகக் குரலுக்குத் தனி வரிசை வைத்துக்கொள்ளும். அதில் ஏதாவது நின்றால் முதலில் அதைத்தான் அனுப்பும்; அது காலியான பிறகே மற்ற வரிசைகள். ஏற்கெனவே வெளியேறிக்கொண்டிருக்கும் பாக்கெட்டை நடுவில் நிறுத்த முடியாது என்பதால், குரல் அதிகபட்சம் அந்த ஒரு பெரிய பாக்கெட்டுக்காக 1.2 மில்லி விநாடியும், தனக்கு முன்னால் வந்த குரல் பாக்கெட்டுகளுக்காக இன்னும் சிறிது நேரமும் காத்திருக்கும். 300 இருந்த இடத்தில் நான்கைந்து. கோப்பு மேலேறுவது சற்றுத் தாமதமாகும்; அதை யாரும் கவனிக்கப்போவதில்லை.

முன்னுரிமை வரிசைக்கு ஓர் எல்லை வேண்டும். இல்லாவிட்டால் 46 என்று எழுதிக்கொண்டு வருகிற எதுவும் மற்ற எல்லாவற்றையும் பட்டினி போட்டுவிடும். ஆகவே, நெரிசல் நேரத்தில் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போவதை ரௌட்டர் அந்த வரிசையிலிருந்து தள்ளிவிடும். இங்கேதான் ஒரு வலை இருக்கிறது. 20 அழைப்புக்கு என்று 2 மெகாபிட் ஒதுக்கியிருக்கும் இடத்தில் 30 பேர் பேசினால், பின்னால் வந்த சிலரின் அழைப்பு மட்டும் கெடாது. எந்தப் பாக்கெட் யாருடையது என்று வரிசைக்குத் தெரியாது; எல்லோருடைய பேச்சிலிருந்தும் துண்டுகள் விழும். எத்தனை அழைப்பு அனுமதிக்கலாம் என்பதை அழைப்புகளை இணைக்கும் பரிமாற்றகத்தில்தான் கட்டுப்படுத்த வேண்டும்.

வரிசை எங்கே நிற்கிறது என்பது இன்னொரு கேள்வி. அதிகம் சறுக்குவதும் இதில்தான். ரௌட்டருக்கும் மோடத்துக்கும் இடையிலுள்ள கம்பி 1 ஜிகாபிட். ரௌட்டரைப் பொறுத்தவரை நெரிசலே இல்லை, வந்ததையெல்லாம் உடனே தள்ளிவிடும். வரிசை நிற்பதோ மோடத்துக்குள், முன்னுரிமை தெரியாத இடத்தில். அதனால் ரௌட்டரே தன் வேகத்தை இணைப்பின் வேகத்துக்குச் சற்றுக் கீழே, உதாரணமாக 9.5 மெகாபிட்டுக்கு, குறைத்துக்கொள்ள வேண்டும். அப்போது வரிசை ரௌட்டருக்குள் வந்துவிடும். சிஸ்கோ ரௌட்டரில் இது இப்படி அமையும்:

```
class-map match-any VOICE
 match dscp ef
policy-map QUEUES
 class VOICE
  priority 2000
 class class-default
  fair-queue
policy-map WAN
 class class-default
  shape average 9500000
  service-policy QUEUES
interface GigabitEthernet0/0
 service-policy output WAN
```

இதில் `ef` என்பது 46இன் பெயர். `priority` வரி குரலுக்கு 2,000 கிலோபிட் ஒதுக்குகிறது. `shape` வரி மொத்த வேகத்தைக் கட்டுகிறது. அந்த `shape` வரியை விட்டுவிட்டால் மற்றவை வெறும் அலங்காரம்.

இந்த ஏற்பாடெல்லாம் வெளியே போகும் திசைக்கு மட்டுமே. உள்ளே வரும் திசையின் ஒடுக்கம் சேவை நிறுவனத்தின் பக்கம் இருக்கிறது. அங்கே வரிசை அவர்களுடையது. பொது இணையத்தில் 46 என்ற எண்ணை வழியிலேயே 0 ஆக்கிவிடுவதும் சாதாரணம். கிளை அலுவலகங்களை இணைக்கும் தனி இணைப்புகளில், ஒப்பந்தம் இருந்தால் மதிப்பார்கள்.

வைஃபையிலும் ஒரு சிக்கல் உண்டு. அங்கே குரலுக்கும் வீடியோவுக்கும் தனித்தனி வரிசைகள் இருந்தாலும், பல கருவிகள் ஆறு பிட்டில் முதல் மூன்றை மட்டும் பார்த்து வரிசையைத் தேர்ந்தெடுக்கின்றன. 101110இன் முதல் மூன்று 101, அதாவது 5; வைஃபையில் அது வீடியோவின் எண். குரல் வீடியோ வரிசையில் போய் நிற்கிறது. இதைத் திருத்தும் பொருத்தப் பட்டியல் 2018இல் ஆர்.எஃப்.சி. 8325 என்ற ஆவணமாக வந்தது. கருவி அதைப் பின்பற்றுகிறதா என்று அமைப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோளாறு எங்கே என்று அறிய முதல் தடயம் பேசுபவர்களே. ‘உங்கள் குரல் எங்களுக்கு விட்டு விட்டுக் கேட்கிறது’ என்று எதிர்முனை சொல்ல, அவர்கள் பேசுவது இங்கே தெளிவாகக் கேட்டால், பழுது பெரும்பாலும் வெளியே போகும் திசையில். அடுத்து, ஓர் அழைப்பு நடக்கும்போதே பெரிய கோப்பு ஒன்றை மேலேற்றிவிட்டு, ரௌட்டரில் `show policy-map interface` என்று கேட்க வேண்டும். குரல் வகுப்பின் பாக்கெட் எண்ணிக்கை நகராமல் நின்றால், 46 என்ற அடையாளம் ரௌட்டர்வரை வந்து சேரவில்லை. வழியிலுள்ள ஸ்விட்ச் அழித்திருக்கலாம். வயர்ஷார்க்கில் `ip.dsfield.dscp == 46` என்று வடிகட்டினால் எந்த இடத்தில் அழிகிறது என்பது தெரியும். எண்ணிக்கை ஏறி, கூடவே கைவிடப்பட்ட பாக்கெட்டுகளும் ஏறினால் ஒதுக்கீடு போதவில்லை. கைவிடப்பட்டது ஒன்றுமில்லை, பேச்சு மட்டும் அறுபடுகிறது என்றால், வேகக் கட்டு உண்மையான இணைப்பு வேகத்தைவிட உயரமாக இருக்கிறதா என்றும் வைஃபை எப்படி இருக்கிறது என்றும் பார்த்துவிட்டுத்தான் சேவை நிறுவனத்துக்குப் போன் செய்ய வேண்டும்.