7.2 கோடி போதும்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7,21,47,030. அரசு ஆவணத்தில் இந்த எண் இப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் ஒரு கூட்டத்தில் திரையில் போடும் ஸ்லைடிலும் இதை அப்படியே ஒட்டிவிடுகிறோம். பக்கத்து மாநிலங்களின் எண்களையும் சேர்த்தால் ஸ்லைடு இப்படி ஆகிறது:

தமிழ்நாடு: 7,21,47,030
கேரளம்: 3,34,06,061
கர்நாடகம்: 6,10,95,297
ஆந்திரப் பிரதேசம்: 8,45,80,777
புதுச்சேரி: 12,47,953

கேரளத்தின் மக்கள்தொகை தமிழ்நாட்டில் பாதிக்கு மேலா, கீழா? பார்ப்பவர் இதற்கு விடை காண முதலில் காற்புள்ளிகளை எண்ண வேண்டும், எது கோடி, எது லட்சம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும், பிறகுதான் மனக்கணக்குக்கே வர முடியும். அதற்குள் பேசுபவர் அடுத்த ஸ்லைடுக்குப் போயிருப்பார்.

அதே எண்களை வேறு மாதிரி போட்டுப் பார்ப்போம். தலைப்பில் ஒரே ஒருமுறை அலகைச் சொல்லிவிட்டு, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால்:

மக்கள்தொகை, 2011 (கோடியில்)
ஆந்திரப் பிரதேசம்: 8.5
தமிழ்நாடு: 7.2
கர்நாடகம்: 6.1
கேரளம்: 3.3
புதுச்சேரி: 0.1

கேரளம் தமிழ்நாட்டில் பாதியைவிடக் கொஞ்சம் குறைவு, கர்நாடகம் தமிழ்நாட்டைவிட ஒரு கோடி அளவு குறைவு என்பதெல்லாம் இப்போது படிக்கும்போதே தெரிகிறது. யாரும் கணக்குப் போட வேண்டியதில்லை.

இந்த உத்தியை முறையாக எழுதி வைத்தவர்களில் முக்கியமானவர் லண்டன் பிசினஸ் ஸ்கூலில் பணியாற்றிய புள்ளியியலாளர் ஆண்ட்ரூ எஹ்ரன்பெர்க். 1977இல் வெளியான கட்டுரை ஒன்றில், அட்டவணை எண்களை இரண்டு இலக்கங்களுக்குக் குறைக்கச் சொன்னார். அவர் சொன்ன காரணம் எளிமையானது. மூன்று, நான்கு இலக்க எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு கழிக்கவோ வகுக்கவோ நம்மில் பெரும்பாலோரால் முடியாது. இரண்டு இலக்கம் என்றால் முடியும். ஒப்பிட வேண்டிய எண்களைக் குறுக்கே வரிசையாகப் போடாமல் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்குங்கள் என்பதும், அகரவரிசையை விட்டுவிட்டு அளவு வாரியாக வையுங்கள் என்பதும் அவர் வலியுறுத்தியவைதான்.

இரண்டு இலக்கமாகக் குறைத்தால் துல்லியம் போய்விடுமே என்று பலரும் தயங்குவார்கள். அந்தத் துல்லியம் எவ்வளவு உண்மையானது என்பதையும் பார்த்துவிடலாம். 2011இல் முதலில் வெளியான தற்காலிகக் கணக்கில் தமிழ்நாட்டின் எண்ணிக்கை 7,21,38,958. இறுதிக் கணக்கில் அது 8,072 கூடியது. கேரளத்துக்கு 18,384 கூடியது. கணக்கெடுப்பு முடிந்தபின் எத்தனை பேர் விடுபட்டார்கள் என்று அறிய மாதிரி ஆய்வு ஒன்றும் நடத்துவார்கள். 2011க்குப் பிந்தைய ஆய்வு, இந்தியா முழுவதுக்கும் சேர்த்து ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 23 பேர் விடுபட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டது. நூற்றுக்கு இரண்டுக்கும் மேல். அப்படிப்பட்ட ஒரு கணக்கில் கடைசியில் நிற்கும் 030க்கு ஸ்லைடில் என்ன வேலை? பதிவேட்டில் அது தேவை, ஏனென்றால் மாவட்டங்களைக் கூட்டினால் மாநிலம் வர வேண்டும். திரையில் அது வெறும் பாரம்.

அலகு விஷயத்தில் புதுச்சேரிதான் நமக்குப் பொறி வைக்கும். 0.1 கோடி என்று போட மனம் வராமல், ‘12.5 லட்சம்’ என்று மாற்றிவிடத் தோன்றும். தனியாகப் பார்த்தால் அது இயல்பான எழுத்துதான். ஆனால் 8.5, 7.2, 6.1, 3.3 என்று இறங்கி வரும் பத்தியின் அடியில் 12.5 வந்து உட்கார்ந்தால், கண் அதைத்தான் மிகப் பெரியதாக எடுத்துக்கொள்ளும். ‘லட்சம்’ என்ற சொல்லை மூளை படிப்பதற்கு முன்பே எண் போய்ச் சேர்ந்துவிடும். ஒரு பத்திக்கு ஒரு அலகு என்பதை மீறக் கூடாது. புதுச்சேரியைப் பற்றித்தான் பேச்சு என்றால் அதற்குத் தனி ஸ்லைடு போட்டு, அங்கே எல்லாவற்றையும் லட்சத்தில் சொல்லலாம். இது அழகுணர்ச்சி சார்ந்த விருப்பம் மட்டுமல்ல. நிறுவனங்களின் நிதிநிலை அறிக்கைக்கு வடிவம் வகுக்கும் 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையும், லட்சமோ மில்லியனோ கோடியோ எந்த அலகை எடுத்தாலும் அறிக்கை முழுவதும் அதையே பின்பற்றச் சொல்கிறது.

கோடியா மில்லியனா என்பது எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பொறுத்தது. சென்னையில் 7.2 கோடி என்றால் எல்லாருக்கும் புரியும். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ தமிழில்தான் பேசினாலும் மில்லியன் கணக்குதான் பழக்கம், அங்கே 72 மில்லியன் என்று போடுவதே மரியாதை. ஒரே ஸ்லைடில் ஒரு பத்தி கோடியிலும் அடுத்த பத்தி மில்லியனிலும் இருப்பதுதான் மோசம். உலக வங்கி அறிக்கையிலிருந்து ஒரு எண்ணையும் மாநில பட்ஜெட்டிலிருந்து ஒரு எண்ணையும் எடுத்து ஒட்டும்போது இது தானாகவே நடந்துவிடுகிறது. காற்புள்ளி நிற்கும் இடத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம்: 7,21,47,030 ஓரிடத்திலும் 33,406,061 பக்கத்திலும் இருந்தால், இரண்டும் வெவ்வேறு இடத்திலிருந்து வந்தவை.

இனி கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டிய இடம். எண்களைக் குறைப்பது கடைசி வேலை. கணக்கெல்லாம் முழு எண்களில் முடிந்த பிறகுதான் அதைச் செய்ய வேண்டும். கேரளத்தையே எடுத்துக்கொள்வோம். 2001இல் அங்கே 3,18,41,374 பேர். பத்து ஆண்டுகளில் கூடியது 15,64,687, அதாவது 4.9 சதவீதம். இப்போது ஸ்லைடில் உள்ள எண்களைக் கொண்டு ஒருவர் கணக்குப் போடுகிறார் என்று வையுங்கள். 2011இல் 3.3, 2001இல் 3.2. வித்தியாசம் 0.1 கோடி, பத்து லட்சம். சதவீதம் 3.1 என்று வரும். உண்மையில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது.

ஏன் இப்படி? கோடிக்கு ஒரு தசமம் என்று வெட்டும்போது ஒவ்வொரு எண்ணிலும் ஐந்து லட்சம் வரை பிசகு ஏற்படலாம். மூன்று கோடிக்கு மேற்பட்ட எண்ணில் ஐந்து லட்சம் பெரிதாகத் தெரியாது. ஆனால் இரண்டு எண்களைக் கழிக்கும்போது இரண்டின் பிசகும் சேர்ந்து பத்து லட்சம் வரை போகலாம், நாம் தேடுகிற வித்தியாசமே பதினைந்தரை லட்சம்தான். ஆகவே வளர்ச்சிதான் பேச்சு என்றால் வளர்ச்சிக்குத் தனிப் பத்தி கொடுங்கள், அதை மூல எண்களிலிருந்து கணக்கிடுங்கள்.

எக்செலில் இந்தத் தவறு நுழையும் வாசல் ஒன்று உண்டு. மக்கள்தொகை B2 என்ற கட்டத்தில் இருக்கிறது என்றால், கோடியாக்க இரண்டு வழிகள்:

```
=B2/10000000
=ROUND(B2/10000000,1)
```

முதல் வழியில் கட்டத்துக்குள் 7.214703 முழுவதுமாக இருக்கும். கட்டத்தின் எண் வடிவத்தை `0.0` என்று வைத்தால் கண்ணுக்கு மட்டும் 7.2 என்று தெரியும். இரண்டாவது வழி மதிப்பையே வெட்டிவிடும், அந்தக் கட்டத்தை வைத்து அடுத்து யார் எந்தக் கணக்குப் போட்டாலும் கேரளத்துக்கு நேர்ந்ததுதான் நேரும். ஸ்லைடுக்கு முதல் வழியே போதும். மில்லியனுக்கு வகுக்கக்கூட வேண்டாம், `0.0,,` என்ற வடிவமே எண்ணைச் சுருக்கிக் காட்டும். கோடிக்கு அப்படியொரு குறுக்குவழி இல்லாததால் நாம்தான் வகுத்துக்கொள்ள வேண்டும்.

கூட்டுத்தொகை இன்னொரு தொல்லை. ஐந்து எண்களையும் தசமமே இல்லாமல் போட்டால் 8, 7, 6, 3, 0. கூட்டினால் 24. ஆனால் உண்மையான மொத்தம் 25,24,77,118, அதாவது 25 கோடி. கூட்டத்தில் யாராவது ஒருவர் இதைக் கூட்டிப் பார்த்து, கையைத் தூக்கி, ‘ஒரு கோடி எங்கே சார்?’ என்று கேட்பார். மொத்தத்தை 24 என்று திருத்துவது தவறு, 8ஐ 9 ஆக்கி ஒப்பேற்றுவது அதைவிடத் தவறு. தோராயமாக்கியதால் கூட்டலில் சிறு வேறுபாடு வரலாம் என்று அடியில் ஒரு வரி எழுதலாம். ஆனால் இங்கே ஒரு தசமம் வைத்தாலே கூட்டல் 25.2 என்று சரியாக வந்துவிடுகிறது, விளக்கமே தேவைப்படாது.

வளர்ச்சி விகிதத்தில் எத்தனை தசமம் என்ற கேள்விக்கும் இதே மாநிலங்கள் பதில் சொல்கின்றன. 2001-2011இல் தமிழ்நாட்டின் வளர்ச்சி 15.61 சதவீதம், கர்நாடகம் 15.60. இரண்டு தசமம் போட்டால் தமிழ்நாடு முந்துகிறது என்று ஒரு செய்தித் தலைப்பே தயாராகிவிடும். இரண்டும் 16 என்று போட்டுவிட்டால் உள்ளது உள்ளபடி தெரியும், இரண்டும் ஒன்றுதான்.

சதவீதக் குறியையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டின் எழுத்தறிவு 2001இல் 73 சதவீதம், 2011இல் 80. ஸ்லைடில் ‘+7%’ என்று எழுதினால் அது பிழை. ஏறியது 7 சதவீதப் புள்ளி. 73ஐ அடிப்படையாகக் கொண்டு பார்த்தால் உயர்வு 9 சதவீதம்.

எல்லா எண்ணையும் இரண்டு இலக்கத்தில் நிறுத்த முடியுமா என்றால், முடியாது. ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்ற பாலின விகிதம் நல்ல உதாரணம். 2011இல் கேரளம் 1084, புதுச்சேரி 1037, தமிழ்நாடு 996, ஆந்திரம் 993, கர்நாடகம் 973. முதல் இரண்டு இலக்கத்தோடு வெட்டினால் 1100, 1000, 1000, 990, 970. புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையில் இருந்த வேறுபாடே அழிந்துவிட்டது. எஹ்ரன்பெர்க் இதை யோசித்தே, அட்டவணைக்குள் மாறுகின்ற இலக்கங்களைத்தான் கணக்கில் எடுக்கச் சொன்னார். இந்த எண்கள் எல்லாமே ஆயிரத்தைச் சுற்றி நிற்கின்றன, செய்தி இருப்பது கடைசி இரண்டு இலக்கத்தில். அவற்றை அப்படியே விட்டுவிட வேண்டும். தலைப்பில் ‘1000 ஆண்களுக்குப் பெண்கள்’ என்று அலகும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 1084 எதைக் குறிக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அலகு என்றால் கோடி, லட்சம், சதவீதம் மட்டும்தான் என்று நினைத்துவிடுகிறோம். எந்த ஆண்டு, எந்த எல்லை என்பதும் அதில் சேர்ந்ததுதான். மேலே உள்ள 8.5 கோடி, 2014இல் தெலங்கானா பிரிவதற்கு முந்தைய ஆந்திரத்தின் கணக்கு. இன்றைய ஆந்திரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பவருக்கு அந்த எண் முழுத் தவறு. ஆகவே அந்த வரியை ‘ஆந்திரம் (பிரிவினைக்கு முன்)’ என்று எழுதியாக வேண்டும், ஸ்லைடில் இடம் எவ்வளவு நெருக்கடியாக இருந்தாலும்.