கொடுக்க வேண்டிய சான்றிதழ், மறுக்க வேண்டிய கடிதம்

“மேடம், ஒரு லெட்டர் மட்டும் குடுங்க மேடம், அது போதும்.”

இப்படி ஒரு போன் வருவதாக வைத்துக்கொள்வோம். பேசுகிறவர் ஐம்பது படுக்கைகள் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு விலகிய ஸ்டாஃப் நர்ஸ். மறுமுனையில் இருப்பவர் அந்த மருத்துவமனையின் மேட்ரன். நர்ஸுக்கு வேறு ஊரில் ஒரு பெரிய மருத்துவமனையின் ஐசியூவில் வேலை கிடைக்கும் நிலை. முன்பு மேலதிகாரியாக இருந்தவரிடமிருந்து பரிந்துரைக் கடிதம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். மேட்ரனுக்கு அந்தப் பெண்மேல் கோபம் ஒன்றுமில்லை. அவருடைய வீட்டுக் கஷ்டமும் தெரியும். ஆனால் இவரை நம்பி ஐசியூவை ஒப்படைக்கலாம் என்று மனசாட்சியோடு எழுத அவரால் முடியாது.

நம் ஊரில் இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஒருவருடைய பிழைப்பை நாம் ஏன் கெடுக்க வேண்டும் என்பதுதான் காரணம். அந்த இரக்கம் உண்மையானது. ஆனால் அது யாருடைய செலவில் காட்டப்படுகிறது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இன்னொரு வகையினர் கோபத்தில் எதையுமே கொடுக்காமல் அலைக்கழிப்பார்கள். இரண்டுமே தவறு. “லெட்டர்” என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்குள் இரண்டு வேறு தாள்கள் இருக்கின்றன. ஒன்றைக் கொடுத்தே ஆக வேண்டும், மற்றதை மறுக்கலாம்.

முதலாவது அனுபவச் சான்றிதழ். இன்னார், இந்தப் பதவியில், இந்தப் பிரிவில், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வேலை பார்த்தார் என்பதோடு அது முடிந்துவிடும். இது நடந்த விஷயம், யாருடைய அபிப்பிராயமும் அல்ல. வேலை பார்த்தவர் உழைத்துச் சம்பாதித்த தாள் இது. தொழிற்சாலைகளுக்காக 1946-ல் வந்த மத்திய விதிகளோடு இணைந்த மாதிரி நிலையாணைகள், வேலையிலிருந்து நீக்கப்பட்ட நிரந்தரத் தொழிலாளிக்கும்கூடப் பணிச் சான்றிதழ் பெறும் உரிமை உண்டு என்றன. குற்றம் செய்து நீக்கப்பட்டவருக்கே அந்த உரிமை என்றால், ராஜினாமா செய்து ஒழுங்காக விலகியவருக்குச் சான்றிதழை இழுத்தடிப்பதற்கு என்ன நியாயம் இருக்க முடியும்?

இரண்டாவதுதான் பரிந்துரைக் கடிதம். எழுதுகிறவர் தன் பெயரையும் பதவியையும் முன்வைத்து, “இவரை நான் அறிவேன், நீங்கள் நம்பலாம்” என்று மூன்றாம் மனிதருக்குக் கொடுக்கும் வாக்கு அது. பொதுவாக இதை எழுதியே தீர வேண்டிய கடமை எந்த மேலதிகாரிக்கும் இல்லை.

இந்த இரண்டையும் குழப்புவது சான்றிதழ்களில் வழிவழியாக வரும் ஒரு வரி. தேதிகளை எழுதி முடித்ததும், “இவருடைய பணியும் நன்னடத்தையும் திருப்திகரமாக இருந்தன” என்று பழைய மாதிரியைப் பார்த்து டைப் செய்துவிடுவார்கள். அந்த வரி வந்தவுடன் சான்றிதழ் பாதிப் பரிந்துரையாகிவிடுகிறது. ஒருவருக்கு மட்டும் அதை நீக்கினால், மற்றவர்களுடைய சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு அதுவே கறுப்புப் புள்ளியாகத் தெரியும். ஆகவே நிறுவனம் முழுவதற்கும் அந்த வரி இல்லாத ஒரே படிவத்தை வைத்துக்கொள்வதே சரியான வழி. மனதாரப் புகழ வேண்டியவர்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதலாம்.

இப்போது மேட்ரனின் தயக்கத்துக்கு வருவோம். அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்த நோயாளிக்கு நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், உடல் வெப்பம் ஆகியவற்றைக் குறித்த இடைவெளியில் அளந்து சார்ட்டில் எழுத வேண்டும். இந்த நர்ஸின் நைட் டியூட்டி சார்ட்டுகளில், இரவு பத்து மணி, இரண்டு மணி, காலை ஆறு மணி என மூன்று கட்டங்களிலும் பிபி 120/80, நாடி 78. அடுத்த படுக்கை நோயாளிக்கும் அதே எண்கள். மூன்று கட்டங்களும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியதுபோல் இருந்தன. மேட்ரன் கூப்பிட்டுக் கேட்டபோது, கூட்டம் அதிகமாக இருந்ததால் அளக்க முடியவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். எழுத்தில் எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. மூன்று மாதம் கழித்து இன்னொரு வார்டிலும் அதேபோல் நடந்தது.

வெளியே இருப்பவருக்கு இது சிறு அலட்சியமாகத் தோன்றலாம். உள்ளுக்குள் ரத்தம் கசியத் தொடங்கினால் பெரும்பாலும் முதலில் ஏறுவது நாடித்துடிப்பு. ரத்த அழுத்தம் அதற்குப் பிறகுதான் இறங்கும். 78 என்று பொய்யாக எழுதப்பட்ட கட்டம் மருத்துவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய முதல் எச்சரிக்கையை மறைத்துவிடுகிறது. கட்டம் காலியாக இருந்திருந்தால், அளக்கவில்லை என்பதாவது தெரிந்திருக்கும். ஐசியூவில் மணிக்கு மணி எழுதப்படும் அளவுகளை நம்பித்தான் மருந்தின் அளவையே மாற்றுகிறார்கள். அங்கே இவர் நம்பகமானவர் என்று மேட்ரன் எழுதினால், அதுவும் அளக்காமல் எழுதிய எண்தான்.

இதில் உள்ள ஆபத்தை அமெரிக்காவில் ஒரு வழக்கு தெளிவாகக் காட்டியது. கலிஃபோர்னியாவில் பள்ளித் துணை முதல்வர் ஒருவர்மேல், பதின்மூன்று வயது மாணவியிடம் பாலியல் அத்துமீறல் செய்ததாகப் புகார் எழுந்தது. அவர் முன்பு வேலை பார்த்த பள்ளி நிர்வாகங்களிலும் அவர்மேல் அதே மாதிரியான புகார்கள் இருந்தன என்றும், அது தெரிந்தும் அங்கிருந்தவர்கள் தயக்கமே இல்லாமல் புகழ்ந்து பரிந்துரைக் கடிதம் கொடுத்தார்கள் என்றும் மாணவியின் தரப்பு சொன்னது. பரிந்துரைத்தவர்கள்மேல் வழக்குத் தொடரலாம் என்று 1997-ல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களுக்கு இரண்டு பாதுகாப்பான வழிகள் இருந்தன என்றும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. தெரிந்த எல்லாவற்றையும் எழுதியிருக்கலாம். அல்லது எந்த அபிப்பிராயமும் சொல்லாமல், வேலை பார்த்த தேதிகளையும் விவரங்களையும் மட்டும் உறுதிசெய்திருக்கலாம். நல்லதை மட்டும் பொறுக்கியெடுத்து எழுதியதுதான் சிக்கலாயிற்று. அது அந்த மாநிலத்தின் சட்டம், இங்கே செல்லாது. ஆனால் அதன் தர்க்கம் எந்த ஊருக்கும் பொருந்தும்: மௌனமாக இருப்பவர் யாரையும் ஏமாற்றுவதில்லை, பாதி உண்மையை எழுதுகிறவர் ஏமாற்றுகிறார்.

சரி, மறுப்பதை எப்படிச் சொல்வது? இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். “பார்க்கலாம்மா, அடுத்த வாரம் கூப்பிடு” என்று சொல்லி இழுப்பதுதான் மறுப்பிலேயே கொடுமையானது. அந்தப் பெண் காத்திருந்து காத்திருந்து, வேறொருவரிடம் கேட்கும் அவகாசத்தையும் இழந்துவிடுவார். “எங்கள் நிறுவனத்தில் யாருக்கும் கடிதம் தருவதில்லை” என்று இல்லாத விதியைச் சொல்வதும் ஆகாது. போன மாதம் தோழிக்குக் கொடுத்த கடிதம் அவர் கண்ணில் பட்டிருக்கும். “நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போடறேன்” என்பது எல்லாவற்றிலும் மோசம். வாசகம் அவருடையதாக இருந்தாலும் வாக்கு கையெழுத்துப் போட்டவருடையது.

மேட்ரன் அந்த போனிலேயே இப்படிச் சொல்லலாம்:

“எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் இன்னைக்கே ரெடி பண்ணச் சொல்றேன்மா, நாளைக்கு வந்து வாங்கிக்கோ. ஆனா ஐசியூக்கு ரெகமண்டேஷன் என்னால எழுத முடியாது.”

“ஏன் மேடம்? நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?”

“சார்ட் விஷயம் உனக்கே தெரியும். ரெண்டு தடவை பேசினோம். அதுக்கப்புறம் நீ மாறியிருக்கலாம், ஆனா அதை நான் பாக்கலியே. பாக்காததை எழுதித் தர முடியாதும்மா. இப்ப உன் வேலையைப் பக்கத்துல இருந்து பாக்கறவங்க இருந்தா அவங்ககிட்ட கேளு.”

இதில் சுற்றிவளைப்பு இல்லை. கொடுக்க வேண்டியதை முதலில் சொல்லிவிட்டார். காரணம், அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்த, எழுத்தில் இருக்கிற சம்பவம். குணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்கிறவருக்கு வலிக்கத்தான் செய்யும். ஆனால் எங்கே போகலாம் என்பது அன்றே தெரிந்துவிடுகிறது.

மறுப்பதற்கு முன் மேட்ரன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் உண்டு. நான் எழுத மறுப்பது அவருடைய வேலைக்காகவா, சீசன் நேரத்தில் விட்டுப் போய்விட்டாரே என்ற மனத்தாங்கலுக்காகவா? அடையாளம் காண எளிய வழி இருக்கிறது. கடிதம் எந்த வேலைக்கு என்பதை மாற்றிப் பார்க்கலாம். இதே பெண் புறநோயாளிகள் பிரிவில் வரவேற்பு மேசை வேலைக்குக் கேட்டிருந்தால்? நோயாளிகளிடம் கனிவாகப் பேசுவார், ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை, இரண்டும் மேட்ரன் கண்ணால் பார்த்தவை. அந்த அளவுக்கு மட்டும், எந்த வேலைக்கு என்று பெயர் குறிப்பிட்டு, உண்மையாக எழுத முடியும். எந்த வேலைக்கும் ஒரு வரிகூட எழுத மனம் வரவில்லை என்றால், குறை எங்கே இருக்கிறது என்று யோசிக்க வேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: வரவேற்பு வேலைக்கு எழுதிய கடிதம் ஐசியூ விண்ணப்பத்தோடு போய்விடக்கூடாது. அதனால்தான் வேலையின் பெயர் கடிதத்திலேயே இருக்க வேண்டும்.

மறுத்துவிட்டதோடு விஷயம் முடியாது. புதிய மருத்துவமனையின் எச்.ஆர். பிரிவிலிருந்து மேட்ரனுக்கே போன் வரலாம். அப்போது தேதிகளையும் பதவியையும் உறுதிசெய்துவிட்டு, “அபிப்பிராயம் சொல்வதில்லை” என்று நிறுத்திக்கொள்வது பல நிறுவனங்களின் நடைமுறை. பேசுவதென்று முடிவெடுத்தால், பதிவில் இருப்பதை மட்டும் பேச வேண்டும். “இந்த இரண்டு மாதங்களில் சார்ட் சம்பந்தமாக எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தோம்” என்பது பதிவு. “அவள் பொய் சொல்கிறவள்” என்பது தீர்ப்பு. நம் நாட்டின் அவதூறுச் சட்டம், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு, மற்றவர்களுடைய நலனைக் காக்க நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதற்கு விலக்கு அளிக்கிறது. நல்லெண்ணம் என்பதற்குள் தக்க கவனமும் அடங்கும். கேட்டதையும் ஊகித்ததையும் சேர்த்துப் பேசுகிறவருக்கு அந்த விலக்கு கிடைப்பது கடினம்.

ஆனால் நோயாளியின் உயிரோ குழந்தையின் பாதுகாப்போ சம்பந்தப்பட்ட இடத்தில் தேதிகளோடு நிறுத்திக்கொள்வது எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை. சட்டம் மௌனத்தை அனுமதிக்கலாம். ஆனால் நேரடியாகக் கேட்கும்போது பதிவில் இருப்பதைச் சொல்வதுதான், அந்தப் படுக்கையில் படுக்கப்போகிறவருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை. அப்படிச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை நர்ஸிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: “அவங்க கேட்டா சார்ட் விஷயத்தை மறைக்க மாட்டேன், அதனால என் பேரைக் குடுக்கறதுக்கு முன்னாடி யோசிச்சுக்கோம்மா.” அதைக் கேட்ட பிறகு மேட்ரனின் பெயரை விண்ணப்பத்தில் போடுவதா, நடந்ததைத் தானே இன்டர்வியூவில் சொல்லி, அதற்குப் பிறகு என்ன கற்றுக்கொண்டேன் என்று விளக்குவதா என்பதை அந்தப் பெண் தீர்மானிக்கலாம்.