ஒரு மணி நேரப் பேச்சும் ஒரு கண் பரிசோதனையும்

ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு வேலை மட்டும் ஓய்வு பெறுவதில்லை. ஊரில் எந்தத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை டிப்ளமோ முடித்தாலும், "அந்த இன்ஜினீயர் சாரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்" என்று யாராவது நம் எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். நாகபுரியில் இத்தனை ஆண்டுகள் இருந்துவிட்ட எனக்கு இதில் வருத்தம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தை எப்போதும் ஒரு மணி நேரமாகி விடுகிறது.

சில மாதங்களுக்கு முன் முன்பின் தெரியாத ஓர் இளைஞர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். சிவில் டிப்ளமோ முடித்தவர். ரயில்வே தேர்வு வாரியத்தின் ஜூனியர் இன்ஜினீயர் தேர்வுக்குத் தயார் செய்ய ஒரு வருடம் பயிற்சி வகுப்பில் சேரப் போகிறாராம். பணம் கட்ட இன்னும் பத்து நாள் இருந்தது. "சார், என் எதிர்காலம் பற்றி உங்களிடம் ஒரு மணி நேரமாவது விரிவாகப் பேச வேண்டும். எப்போது ஃபோன் செய்யலாம்?" என்று கேட்டிருந்தார்.

இப்படிப்பட்ட பேச்சுகள் எப்படிப் போகும் என்பது எனக்குத் தெரியும். முதல் இருபது நிமிடம் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து வாழ்க்கை வரலாறு. பிறகு அப்பா ஃபோனை வாங்கிக்கொள்வார். கடைசியில் "நன்றாகப் படி தம்பி" என்று நான் சொல்வேன். அதைச் சொல்ல ரயில்வே இன்ஜினீயர் எதற்கு? தண்டவாளம் உடைந்தால் கன்ட்ரோலுக்கு எப்படிச் செய்தி சொல்வோம்? எந்தக் கிலோமீட்டர், என்ன உடைந்திருக்கிறது, என்ன வேண்டும் - மூன்றே சங்கதி. கதை சொன்னால் கன்ட்ரோலர் காதில் வாங்க மாட்டார். ஆகவே அந்தத் தம்பியிடமும் மூன்று சங்கதி கேட்டேன். எந்தப் பதவியை முதலில் விரும்புகிறீர்கள்? கண்ணாடி அணிகிறீர்களா, பவர் எவ்வளவு? வேலை கிடைத்த பின் எந்த ஊரில் இருக்க எண்ணம்?

மறுநாளே பதில் வந்தது. முதல் விருப்பம் தண்டவாளப் பிரிவு, அதாவது பர்மனென்ட் வே. கண்ணாடி கிடையாது, "கண் ரொம்ப ஷார்ப்". இரண்டு வருடத்தில் மாற்றல் வாங்கிச் சென்னைக்குப் போய்விட எண்ணம்.

நான் எழுதிய பதில் இதுதான்:

"தம்பி, பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு கண் மருத்துவமனைக்குப் போய் நிறப்பார்வைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இஷிஹாரா புத்தகம் காட்டச் சொல்லுங்கள். தேர்வு அறிவிப்பின் பின்னிணைப்பில் ஒவ்வொரு பதவிக்கும் எதிரே மருத்துவ வகுப்பு போட்டிருக்கும். தண்டவாளப் பிரிவு ஏ-3. பரிசோதனையில் தேறினால் உங்கள் விருப்ப வரிசை சரி. தேறாவிட்டால் சி வகுப்புப் பதவிகளை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு, அதற்கு ஒரு வருடம் செலவிடலாமா என்று முடிவு செய்யுங்கள். சென்னை மாற்றல் பற்றித் தனியே எழுதுகிறேன். பரிசோதனை முடிவு வந்ததும் ஒரு வரி போடுங்கள்."

இவ்வளவுதான். எதிர்காலத்தைப் பற்றிக் கேட்ட பிள்ளைக்குக் கண் டாக்டர் விலாசம் கொடுப்பதா என்று என் மனைவி கேட்டாள். காரணம் சொன்னேன், இங்கும் சொல்கிறேன்.

ரயில்வேயில் எழுத்துத் தேர்வு பாதி வழிதான். ஜே.இ.க்கு இரண்டு கட்டக் கணினித் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, அதற்குப் பின் மருத்துவப் பரிசோதனை. 2024இல் வந்த அறிவிப்பும் இதே வரிசைதான். அறிவிப்புகளில் ஒரு வாக்கியம் தவறாமல் இருக்கும். பிள்ளைகள் தவறாமல் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். குறிப்பிட்ட பதவிக்கான மருத்துவத் தகுதி இல்லையென்றால் அதற்குப் பதிலாக வேறு பதவி தரப்படமாட்டாது என்பதே அந்த வாக்கியம். ராங்க் எத்தனை உயர்ந்ததாக இருந்தாலும் மருத்துவமனை வாசலில் கதை முடிந்துவிடும்.

வகுப்புகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏ என்பது ரயில் ஓட்டத்தின் பாதுகாப்போடு நேரடித் தொடர்புள்ள வேலைகள். ஏ-3 வகுப்புக்குத் தூரப் பார்வை இரு கண்ணிலும் 6/9 இருக்க வேண்டும். கண்ணாடி அணியலாம், ஆனால் லென்ஸ் பவர் 2 டயாப்டரைத் தாண்டக் கூடாது. அதோடு நிறப்பார்வையிலும் தேற வேண்டும். பி-1 வகுப்பில் பவர் 4 டயாப்டர் வரை சலுகை உண்டு. நிறப்பார்வையில் சலுகை கிடையாது. சி-1இல் தூரப் பார்வை 6/12, 6/18 போதும்; நிறப்பார்வைத் தேர்வு இல்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து வரைபடம் போடுகிற மாதிரியான வேலைகள் இந்தப் பக்கம் வரும்.

தண்டவாள இன்ஜினீயருக்கு நிறம் எதற்கு என்று கேட்பவர்கள் ஒரு தரம் விரிசல் கண்ட இடத்தில் நின்று பார்க்க வேண்டும். வண்டியை நிறுத்த வேண்டுமானால் அகலப் பாதையில் 600 மீட்டரில் சிவப்புக் கொடி, 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று வெடி. இரவானால் கொடிக்குப் பதில் கைவிளக்கு. எதிரே வரும் ஒளி பச்சையா சிவப்பா என்று அந்த இடத்தில் யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

நிறக்குருடு என்றதும் பலர், உலகமே கறுப்பு வெள்ளையாகத் தெரியும் என்று நினைக்கிறார்கள். அப்படி இருப்பது மிக அபூர்வம். சாதாரணமாக வருவது சிவப்புக்கும் பச்சைக்கும் உள்ள வித்தியாசம் மங்கிப் போவது. வானம் நீலம்தான், மஞ்சள் மஞ்சள்தான். வாசிக்கிற எழுத்தெல்லாம் கூர்மையாகத் தெரியும். அதனால்தான் "கண் ரொம்ப ஷார்ப்" என்று எழுதியது எனக்கு ஆறுதல் தரவில்லை. கூர்மை வேறு, நிறம் வேறு. பிறவியிலேயே இருக்கும் இக்குறையை உடையவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு பார்வை கிடையாது. எனவே இருபது வயது வரை தெரியாமலே இருந்துவிடலாம்.

இஷிஹாரா பரிசோதனை எளிது. பல நிறப் புள்ளிகளுக்கு நடுவே வேறு நிறப் புள்ளிகளால் ஓர் எண் எழுதியிருக்கும். முதல் பக்கத்தில் உள்ள 12 எல்லோருக்கும் தெரியும்; கேள்வி புரிந்ததா என்று பார்க்கத்தான் அது. அடுத்த பக்கத்தில் மற்றவர்களுக்கு 8 தெரியும். சிவப்பு-பச்சைக் குறை உள்ளவருக்கு 3 தெரியும். சிலர் புத்தகத்தையே மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறார்கள். அது பலிக்காது. டாக்டர் பக்கத்தை மாற்றிக் காட்டுவார். ரயில்வேயில் இருட்டறையில் லாந்தர் சோதனையும் உண்டு. சின்னத் துளை வழியாக வரும் ஒளியின் நிறத்தை உடனே சொல்ல வேண்டும். செல்ஃபோன் திரையில் பார்த்துத் தேறிவிட்டேன் என்பதையும் நம்ப வேண்டாம். திரைக்குத் திரை நிறம் மாறும்.

வீட்டிலேயே ஒரு முன்னறிவிப்பு கிடைக்கும். இந்தக் குறை தாய் வழியாகப் பிள்ளைக்கு வருவது. தாயிடம் வெளியே தெரியாமல் இருந்து மகனிடம் தெரியவரும். ஆகையால் தகப்பனைக் கேட்டுப் பயனில்லை. தாய்மாமனையும் தாயைப் பெற்ற தாத்தாவையும் விசாரிக்க வேண்டும். பழுத்த தக்காளியையும் காயையும் நிறம் பார்த்துப் பிரிக்கத் திணறும் மாமா ஒருவர் இருந்தால் பிள்ளையைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். மாமாவுக்கு இல்லாததால் பிள்ளைக்கும் இராது என்று எண்ணிவிடவும் கூடாது.

ஐந்தாம் நாள் தம்பியிடமிருந்து ஒரு வரி வந்தது. "சார், 12 தெரிந்தது. 8 எனக்கு 3 ஆகத் தெரிந்தது." சற்று நேரம் கழித்து இன்னொன்று: "அம்மாவின் அண்ணன் துணிக்கடையில் இருந்தவர். அவரைச் சிவப்புப் புடவை எடுக்க விடமாட்டார்களாம். வீட்டில் அது ஒரு வேடிக்கைப் பேச்சாகவே இருந்திருக்கிறது."

எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. இதற்கு மருந்தும் இல்லை, அறுவை சிகிச்சையும் இல்லை. நிறக் கண்ணாடி விற்பவர்கள் சொல்வதைக் கேட்டுப் பணத்தை விட வேண்டாம், மருத்துவத் தேர்வில் அதை ஏற்க மாட்டார்கள் என்று முதலில் எழுதினேன். பிறகு பழைய அறிவிப்பை எடுத்து, தனக்குப் பொருந்தும் சி வகுப்புப் பதவிகள் எத்தனை என்று அவரையே எண்ணச் சொன்னேன். எண்ணிவிட்டு, அந்தச் சில இடங்களுக்காக ஒரு முழு வருடம் வேண்டாம் என்று அவரே முடிவு செய்தார். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். சிவில் டிசைன் வேலைக்கு நிறப்பார்வை யாரும் கேட்பதில்லை. விண்ணப்பம் போட்டிருக்கிறார். பயிற்சி வகுப்புப் பணம் கையிலேயே இருக்கிறது.

சென்னை மாற்றல் பற்றி எழுதுவதாகச் சொன்னேன் அல்லவா? அவருக்கு இனி அது தேவைப்படாவிட்டாலும், நம் சங்கத்தில் பல பெற்றோர் இதே கேள்வியைக் கேட்பதால் எழுதிவிடுகிறேன். ஒரு ரயில்வேயிலிருந்து இன்னொன்றுக்குச் சொந்த விருப்பத்தில் மாற்றல் கேட்டால் கிடைக்கக்கூடும். ஆனால் சீனியாரிட்டி கூட வராது. மத்திய ரயில்வேயில் ஆறு வருடம் ஜே.இ.யாக இருந்தவர் தென்னக ரயில்வேக்குப் போனால், அங்கே போன மாதம் சேர்ந்த ஜே.இ.க்கும் கீழேதான் அவர் பெயர் வரும். ரயில்வேக்காரர்கள் இதைப் 'பாட்டம் சீனியாரிட்டி' என்பார்கள். சம்பளம் குறையாது, சீனியர் செக்ஷன் இன்ஜினீயர் பதவி உயர்வுதான் தள்ளிப் போகும். பட்டியலில் முன்னால் இருப்பவர்கள் எல்லோரும் இளைஞர்களாகவே இருந்தால் எத்தனை வருடம் தள்ளும் என்பதைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஒருவருக்கொருவர் இடம் மாறிக்கொள்ளும் மியூச்சுவல் மாற்றலில் இவ்வளவு நஷ்டமில்லை. இருவரில் யாருடைய சீனியாரிட்டி குறைவோ அது கிடைக்கும். ஆனால் அதற்குச் சென்னையில் இருந்துகொண்டு நாகபுரிக்கு வர ஆசைப்படுகிற ஒருவர் வேண்டும்.