அடுக்கின் மேல் அடுக்கு – 9: ஓட்டைக்கும் ஒரு கூரை வேண்டும்

சென்ற கிழமை எழுதிய நடைவண்டிக் கதையை அச்சில் விட்டிருந்தேன். கோப்பாயில் தச்சு வேலை செய்கிற ஒரு ஐயா, பேரப்பிள்ளைக்காகத் தேக்கில் நடைவண்டி ஒன்று செய்கிறார். சக்கரங்கள் மரம், அச்சு எட்டு மில்லிமீற்றர் இரும்புக் கம்பி. கம்பி சுழல்வதற்கான தாங்கிகளை என்னுடைய முப்பரிமாணப் பிரிண்டரில் செய்து தருவதாகச் சொல்லியிருந்தேன். தாங்கி என்பது சின்னச் சாமான்தான். சட்டத்தில் பூட்டுவதற்கு ஒரு தட்டையான பாதம், அதில் மேலிருந்து கீழே போகும் இரண்டு திருகாணித் துளைகள், பாதத்தின் மேலே ஒரு கட்டை, அந்தக் கட்டையைக் குறுக்கே துளைத்துப் போகும் அச்சுத் துளை. இந்த ஒரு சாமானுக்குள்ளேயே வட்டத் துளையின் இரண்டு சிக்கலும் இருந்தன.

முதலில் நேரே நிற்கும் துளை. கணினியில் எட்டு மில்லிமீற்றர் என்று வரைந்த துளைக்குள் எட்டு மில்லிமீற்றர் கம்பி போகாது. இயந்திரத்தில் பிழை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பாதிப் பிழை வரைபடத்திலேயே இருக்கிறது. OpenSCAD மென்பொருளில் எதையும் மாற்றாமல் எட்டு மில்லிமீற்றர் வட்டம் கேட்டால், அது பதின்மூன்று பக்கங்கள் உள்ள பல்கோணத்தைத்தான் தரும். மூலைகள் வட்டத்தின் மேல் இருக்கும், பக்கங்கள் வட்டத்துக்கு உள்ளே வந்து நிற்கும். அந்தப் பக்கங்களுக்கு நடுவே நுழையக்கூடிய மிகப் பெரிய கம்பி 7.77 மில்லிமீற்றர்தான். மீதிப் பிழை பிளாஸ்ரிக்கினுடையது. உருகிய இழையைச் சின்ன வளைவில் இழுத்துக்கொண்டு போகும்போது அது குறுக்கு வழி தேடி மையத்தை நோக்கிச் சரியும். ஆறும்போது இன்னும் கொஞ்சம் சுருங்கும்.

இதற்கு 2011இல் ஒரு வழி சொன்னவர் இங்கிலாந்துப் பொறியியலாளர் கிறிஸ் பாமர். முப்பரிமாணப் பிரிண்டர் உலகத்தில் நோப்ஹெட் என்ற பெயரில்தான் அவரைத் தெரியும். பக்கங்களை அளவுக்கு மேல் கூட்டாதே என்றார் அவர். விட்டத்தின் இரண்டு மடங்கு எத்தனையோ அத்தனை பக்கம் போதும். எட்டு மில்லிமீற்றருக்குப் பதினாறு. அந்தப் பதினாறு பக்கங்களும் வட்டத்தை வெளியிலிருந்து தொடும்படி ஆரையை 4 இலிருந்து 4.08 ஆக்க வேண்டும். நேர்கோட்டில் போகும் இழை மையத்துக்குச் சரியாது, கம்பி பக்கங்களின் நடுவில் தொட்டு நிற்கும். திருகாணித் துளைகளை நான் இந்த முறையில்தான் வரைந்தேன். முதல் தடவையே ஆணி இறங்கியது.

கிடைத்துளைதான் உண்மையான வேலை வாங்கியது.

பிரிண்டர் கீழிருந்து மேலே அடுக்கடுக்காகத்தான் கட்டும். கிடையான துளையின் அடிப்பாதி தொட்டி போன்றது, அதில் ஒரு தொல்லையும் இல்லை. மேற்பாதி கூரை. 0.2 மில்லிமீற்றர் அடுக்கில் எட்டு மில்லிமீற்றர் துளை எப்படி மூடுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மையத்திலிருந்து 3 மில்லிமீற்றர் உயரத்தில் ஒவ்வொரு அடுக்கும் கீழ் அடுக்கைவிட 0.2 அளவு வெளியே நீட்டுகிறது. இழையின் அகலம் 0.4. ஆகவே பாதி இழை கீழே தாங்கப்படுகிறது, போதும். 3.6இலிருந்து 3.8க்குப் போகும்போது நீட்டல் 0.5 ஆகிவிடுகிறது. இப்போது முழு இழையும் அந்தரத்தில் கிடக்கிறது. கடைசி அடுக்கில் அது 1.25. விளைவைக் கண்ணால் பார்க்கலாம். துளையின் உச்சியில் இழைகள் தும்புபோலத் தொங்கும், கம்பி அதில் சிக்கும். உள்ளே முட்டுக் கொடுத்து அடித்தால் பிறகு அதைக் குறடு போட்டுப் பிடுங்க வேண்டும். பிடுங்கிய இடம் சொரசொரப்பாகவே இருக்கும்.

ஓட்டு வீட்டுக் கூரையை யாரும் வட்டமாக வேய்வதில்லை, சரிவாகத்தான் வேய்கிறோம். துளைக்கும் அதையே செய்யலாம். வட்டம் 45 பாகை சரிவை அடையும் இடத்தில் வட்டத்தை விட்டுவிட்டு, அங்கிருந்து இரண்டு நேர்கோடுகளை உச்சி வரைக்கும் கொண்டுபோய் முட்டவிட வேண்டும். கண்ணீர்த்துளி வடிவம் வரும். அடுக்குக்கு 0.2 மேல் எதுவும் நீட்டாது. பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 2005இல் தொடங்கிய ரெப்ராப் இயந்திரங்களின் பாகங்களில் இந்தத் துளையை நிறையப் பார்க்கலாம். தன் பாகங்களைத் தானே அடிக்க வேண்டிய இயந்திரத்துக்கு முட்டு இல்லாத துளை கட்டாயம் தேவைப்பட்டது.

கூர் உச்சி எட்டு மில்லிமீற்றர் துளையில் வட்டத்துக்கு மேலே 1.66 மில்லிமீற்றர் ஏறும். கட்டை மெல்லியதாக இருந்தால் அது சுவரைத் தின்றுவிடும், கூர் முனையிலிருந்து வெடிப்பும் ஓடலாம். அதனால் நான் உச்சியை வெட்டிவிடுவேன். வட்டத்தின் உச்சிக்கு 0.3 மேலே தட்டையாக நறுக்கினால் மூன்று மில்லிமீற்றருக்கும் குறைந்த பாலம்தான் மிஞ்சும். அந்த அகலத்தை இழை இரு கரையிலும் பிடித்துக்கொண்டு நேராகத் தாண்டிவிடும்.

```
module thuli(d, h) {
  r = d/2;
  rotate([90,0,0]) linear_extrude(h) intersection() {
    union() { circle(r, $fn=72); rotate(45) square(r); }
    translate([-r,-r]) square([2*r, 2*r+0.3]);
  }
}
```

விட்டம் எவ்வளவு என்பதை ஒரு துண்டு அடித்துத்தான் தெரிந்துகொண்டேன். 8.1 முதல் 8.5 வரை ஐந்து துளைகள், எல்லாம் கிடையாக. 8.1இல் கம்பி போகவில்லை. 8.2இல் சுத்தியலால் தட்ட வேண்டியிருந்தது. 8.3இல் கையால் தள்ளப் போய்ச் சுழன்றது. 8.5இல் ஆடியது. என் இயந்திரத்துக்கும் என் இழைக்கும் 8.3. இன்னொருவரின் இயந்திரத்தில் இது மாறும், அந்தத் துண்டை அவரவர் அடித்துத்தான் ஆக வேண்டும்.

தாங்கியை ஐயாவிடம் கொடுத்தபோது துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துறப்பணத்தால் ஆயிரம் துளை போட்ட கை.

"தம்பி, உது வட்டமில்லையே. மேலே இடைவெளி கிடக்கு. கம்பி ஆடாதோ?"

"ஐயா, சட்டத்துக்குக் கீழே பூட்டிப் பாருங்கோ. பாதம் மேலே போகும், அந்த இடைவெளி நிலத்தைப் பார்த்து நிற்கும். பாரம் கம்பியை எந்தப் பக்கம் அமத்தும்?"

பூட்டிப் பார்த்தார். பிள்ளையின் பாரம் சட்டத்தைக் கீழே தள்ள, கம்பி துளையின் பாதப் பக்கத்தில்தான் அமரும். அங்கே முழு வட்டம் இருக்கிறது. "அப்ப சரி" என்றார். துளியின் முனை எப்போதும் பாரம் விழாத பக்கத்தில் இருக்கும்படி பொருளைப் படுக்க வைக்க வேண்டும் என்பதை வரையும்போதே யோசித்திருந்தேன். அதை யோசிக்காமல் அடித்திருந்தால் கம்பி முனைக்குள் இறங்கி இரண்டு சரிவுகளையும் ஆப்புப்போலப் பிளந்திருக்கும்.

கைப்பிடியைக் கழற்றிப் பூட்ட அதே எட்டு மில்லிமீற்றரில் இரண்டு முளைகளும் கேட்டிருந்தார். முதல் முளையை நிற்க வைத்து அடித்தேன். வடிவான வட்டம், ஆனால் கையால் முறித்ததும் அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே கழன்றுவிட்டது. நிற்கும் முளை வாழைத்தண்டு மாதிரிக் குறுக்கே முறியும். படுக்க வைத்து அடித்தால் இழைகள் நீளவாட்டில் ஓடும், நார்போலப் பலம். ஆனால் படுத்த முளையின் அடியும் அந்தரத்தில் நிற்கும் வளைவுதான். அங்கே 1.2 மில்லிமீற்றரைத் தட்டையாக வெட்டிவிட்டால் போதும், 45 பாகைக்குக் குறைவான வளைவு முழுவதும் போய்விடும், தட்டில் ஒட்டவும் அகலமான அடி கிடைக்கும். துளையைத் தொடுவது மீதி வளைவு, பிடி குறையவில்லை.

நடைவண்டி இப்போது கோப்பாயில் ஓடுகிறது. ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன், வாசகருக்கும் அதையே சொல்கிறேன். இந்தத் தாங்கிகள் பிஎல்ஏ இழையில் செய்தவை, அறுபது பாகைச் சூட்டில் இளகும். சித்திரை வெயிலில் பூட்டிய வாகனத்துக்குள் நடைவண்டியை விட்டுவிடாதீர்கள்.