1,11,000 ரூபாய்ப் பத்திரம், விலை 3,600

1993-இல் குஜராத்தின் சர்தார் சரோவர் நர்மதா நிகம், அணைத் திட்டத்துக்குப் பணம் திரட்ட ஒரு பத்திரம் வெளியிட்டது. விலை 3,600 ரூபாய். 2014 ஜனவரியில் கொண்டுபோய்க் கொடுத்தால் 1,11,000 ரூபாய். நடுவில் இருபது வருடம் வட்டி என்று ஒரு பைசா வராது.

அந்தக் காலத்துப் பத்திரங்களின் ஓரத்தில் சிறுசிறு சீட்டுகள் இருக்கும். தவணை வந்ததும் ஒன்றைக் கத்தரித்துக் கொடுத்து வட்டி வாங்கிக்கொள்ளலாம். அதுதான் கூப்பன். சீட்டே இல்லாத பத்திரம் ஜீரோ கூப்பன்.

வட்டி இல்லை என்றால் யார் கடன் கொடுப்பார்? வட்டி இருக்கிறது, விலைக்குள் ஒளிந்திருக்கிறது. பத்தாயிரம் கடன் கேட்டவரிடம் வட்டியைப் பிடித்துக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுக்கும் தண்டல்காரரை நமக்குத் தெரியும். அந்தக் கணக்குதான் இதுவும். தண்டல்காரர் இடத்தில் நாம், கடன்காரர் இடத்தில் நிறுவனம்.

விலையைப் பின்னாலிருந்து கணக்கிட வேண்டும். அடுத்த வருடம் 100 ரூபாய் வரும், நமக்கு 10 சதவீத வட்டி வேண்டும் என்றால் இன்று எவ்வளவு கொடுக்கலாம்? 90 என்று சொல்லத் தோன்றும். ஆனால் 90 கொடுத்தால் பத்து ரூபாய் லாபம் 90-க்குக் கிடைத்தது, அதாவது 11 சதவீதத்துக்கும் மேல். சரியான விலை, 100-ஐ 1.10-ஆல் வகுத்து வரும் 90.91. இரண்டு வருடம் என்றால் இரண்டு முறை வகுக்க வேண்டும்: 82.64. நர்மதா பத்திரத்தில் இப்படி இருபது முறை வகுத்ததால்தான் விலை 3,600-க்கு இறங்கியது. வட்டி விகிதம் சுமார் 18.7 சதவீதம், கூட்டுவட்டியாக. வட்டி ஏறினால் பழைய பத்திரத்தின் விலை இறங்கும், வட்டி இறங்கினால் விலை ஏறும். நடுவில் வட்டியாக எதுவும் கைக்கு வந்திருக்காது என்பதால், அந்த ஏற்ற இறக்கம் முழுவதும் கடைசி ஒற்றைத் தொகையின் மேல் விழும். வருடங்கள் கூடக்கூட ஆட்டமும் கூடும்.

நாட்டில் வட்டி விகிதம் பிறகு நன்றாக இறங்கியது. 18.7 சதவீதம் நிறுவனத்துக்குப் பாரமாயிற்று. முன்கூட்டியே பணத்தைக் கொடுத்துக் கணக்கை முடிக்கும் உரிமை நிறுவனத்துக்கு இல்லை. ஆகவே குஜராத் அரசு 2008-இல் சட்டமே இயற்றி அந்த உரிமையைக் கொடுத்தது. 2009 ஜனவரியில் பத்திரத்துக்கு 50,000 ரூபாய் தந்து முடித்தார்கள்.

3,600 ரூபாய் 50,000 ஆனதே, நஷ்டம் எங்கே என்று கேட்கலாம். கடந்துபோன பதினைந்து வருடத்துக்கான வட்டியில் குறையில்லைதான். வரவிருந்த ஐந்து வருடம்தான் பறிபோனது. 1,11,000-ஐ 8 சதவீதத்தில் ஐந்து முறை பின்னோக்கி வகுத்தால் அன்றைய மதிப்பு சுமார் 75,500 ரூபாய். கைக்கு வந்ததோ அதைவிட 25,500 குறைவு.