அக்காவின் நோட்டில் 600 கலோரி



எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதனால் கரண்டு பில் ஆனாலும் சரி, சீட்டுப் பணம் ஆனாலும் சரி, "அவன்கிட்ட குடு, அவன்தான் டிப்ளமோ படிக்கிறானே" என்று எல்லாக் கணக்கும் என் தலையில்தான் வந்து விழும். பொங்கல் லீவுக்குப் போனபோது விழுந்தது அக்காவின் கணக்கு.

அக்கா தையல் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க உட்கார்ந்த இடம்தான். குள்ளமான உடம்பு, எடை 60 கிலோ. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, எடையைக் குறை என்று டாக்டர் சொல்ல, வாரம் மூன்று நாள் சாயந்திரம் நடன உடற்பயிற்சி வகுப்புக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸில் "ஒரு மணி நேரத்தில் 600 கலோரி" என்று போட்டிருந்ததாம். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு 600 வீதம் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். 12 வகுப்பு, 7,200 கலோரி. ஆனால் எடை மெஷினின் முள் அசைந்த மாதிரியே இல்லை.

"என் உடம்புலதான்டா ஏதோ கோளாறு" என்றாள். ராத்திரிச் சாப்பாட்டையும் நிறுத்தியிருந்தாள். அதைக் கேட்டபிறகுதான் நான் பேனாவை எடுத்தேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும் வெப்பம் ஒரு கலோரி என்று நாம் படித்திருக்கிறோம். சாப்பாடு, உடற்பயிற்சி விஷயத்தில் 'கலோரி' என்று சொல்வது உண்மையில் கிலோ கலோரி, அதாவது அதைப்போல ஆயிரம் மடங்கு. இந்தக் கட்டுரையிலும் அப்படியே.

இனி 'மெட்' என்ற அளவு. மெட்டபாலிக் ஈக்விவலன்ட் என்பதன் சுருக்கம் அது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியை 1 மெட் என்று வைத்துக்கொள்கிறார்கள். வண்டி நின்றபடியே ஐடிலிங்கில் ஓடும்போது பெட்ரோல் குடிக்கிறதல்லவா, அதுபோல. அந்த 1 மெட், கிலோ எடைக்கு மணிக்குச் சுமார் 1 கலோரி. ஒரு பயிற்சி 5 மெட் என்றால் உட்கார்ந்திருப்பதைப்போல ஐந்து மடங்கு செலவு. ஆகவே சூத்திரம் எளிது:

கலோரி = மெட் × எடை (கிலோவில்) × நேரம் (மணியில்)

எந்த வேலைக்கு எத்தனை மெட் என்று பார்பரா எய்ன்ஸ்வொர்த் என்ற அமெரிக்கப் பேராசிரியையும் அவர் குழுவினரும் 1993-ல் ஒரு பெரிய பட்டியல் வெளியிட்டார்கள். பிறகு பல முறை திருத்தியிருக்கிறார்கள். நான் இங்கே எடுத்துக்கொள்வது 2011 பட்டியலின் எண்கள்.

முதலில் நோட்டீஸைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். 600-ஐ அக்காவின் எடை 60-ஆல் வகுத்தால் 10 மெட். பட்டியலில் 10-க்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தேடினால், மணிக்குக் கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவது! அக்கா ஒரு மணி நேரம் நிற்காமல் 10 கிலோமீட்டர் ஓடினால்தான் அந்த 600 வரும். துள்ளிக் குதிக்கும் ஏரோபிக் நடனத்துக்கே பட்டியல் தருவது 7.3 மெட்தான். எடை எவ்வளவு என்று சொல்லாமல் கலோரியை மட்டும் சொல்லும் எந்த நோட்டீஸையும் இப்படித் திருப்பிப் போட்டுப் பாருங்கள், குட்டு உடைந்துவிடும்.

சரி, 7.3 × 60 × 1 என்றால் 438 ஆச்சே? அதுவும் இல்லை. அடுத்த வகுப்புக்குப் போகும்போது கடிகாரத்தைப் பார்த்து நிமிஷக் கணக்கு எழுதிவரச் சொன்னேன். எழுதிவந்தாள். கை கால் நீட்டி மடக்குவது, ஆரம்பமும் முடிவும் சேர்த்து 15 நிமிஷம். டீச்சர் அடுத்த ஸ்டெப்பைக் காட்டும்போது நின்று பார்த்தது, தண்ணீர் குடித்தது 15 நிமிஷம். உண்மையாக ஆடியது 30 நிமிஷம்தான்.

ஆடியது: 7.3 × 60 × ½ = 219
நீட்டி மடக்கியது (2.3 மெட்): 2.3 × 60 × ¼ = சுமார் 35
நின்றது (1.3 மெட்): 1.3 × 60 × ¼ = சுமார் 19
மொத்தம் 273.

இதிலும் ஒரு கழித்தல் உண்டு. அந்த ஒரு மணி நேரம் அக்கா வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் 60 கலோரி செலவாகியிருக்கும். அது ஐடிலிங் செலவு, வகுப்பின் வரவில் சேராது. கழித்தால் 213. 600 எங்கே, 213 எங்கே!

ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. அக்கா எழுதிய 7,200 உண்மையானால் மாதம் ஏறக்குறைய ஒரு கிலோ குறைந்திருக்க வேண்டும். உண்மைக் கணக்கு 213 × 12 = 2,556. அது மூன்றில் ஒரு கிலோ. சாப்பிட்ட சாப்பாடும் குடித்த தண்ணீருமே ஒரே நாளில் எடையை அதற்குமேல் ஏற்றி இறக்கும். முள் அசையாததில் என்ன அதிசயம்? உடம்பில் கோளாறு இல்லை, நோட்டீஸில்தான் கோளாறு.

"அப்ப ஸ்கிப்பிங் ஆடினா சீக்கிரம் குறையுமா?" என்று கேட்டாள். பட்டியலில் நிமிஷத்துக்கு 100 முதல் 120 தாண்டல் என்றால் 11.8 மெட். 60 கிலோ ஆளுக்கு நிமிஷத்துக்கு 11.8 கலோரி. கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் ஹாஸ்டல் மைதானத்தில் நானே கயிறு சுற்றியவன். எனக்கும் எடை 60-தான். அரை நிமிஷம் தாண்டினால் அரை நிமிஷம் மூச்சு வாங்க வேண்டும். 15 நிமிஷத்தில் கயிறு சுற்றியது ஏழரை நிமிஷம், 88 கலோரி. நின்றதற்கு 10. ஐடிலிங் 15-ஐக் கழித்தால் 83. கால் மணிக்கு இது நல்ல வரவுதான். ஆனால் வகுப்பளவு வர வேண்டுமென்றால் இதே மாதிரி 40 நிமிஷம் தாண்ட வேண்டும். உட்கார்ந்தே பழகிய முழங்கால் தாங்குமா?

யோகா வகுப்பையும் போட்டுப் பார்த்தோம். சாதாரண ஆசனங்கள் 2.5 மெட், சூரிய நமஸ்காரம் 3.3. ஆசனம் 30 நிமிஷத்துக்கு 75, நமஸ்காரம் 20 நிமிஷத்துக்கு 66, சவாசனம் 10 நிமிஷத்துக்கு 10. மொத்தம் 151. அறுபதைக் கழித்தால் 91. யோகாவை எடைக்காக மட்டும் செய்கிறவர்கள் இந்த எண்ணைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இந்தக் கணக்குக்கும் எல்லை உண்டு. மெட் என்பது பலரை அளந்து எடுத்த சராசரி. குண்டானவர்களுக்கும் வயதானவர்களுக்கும் உட்கார்ந்திருக்கும் செலவே கிலோவுக்கு 1 கலோரிக்குக் குறைவாக இருப்பதுண்டு, அப்போது விடை கூடுதலாக வரும். கயிறை நிறுத்தியபிறகும் சிறிது நேரம் மூச்சு வாங்குகிறதே, அந்தச் செலவு என் கணக்கில் சரியாக வரவில்லை, அதனால் விடை கொஞ்சம் குறைவாக வரும். ஆகவே 213 என்பதை 'இருநூற்றுச் சொச்சம்' என்று படிக்க வேண்டும். எப்படிப் படித்தாலும் அது 600 ஆகாது.

அக்கா வகுப்பை விடவில்லை. தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. எடை குறையாத மாதமும் அந்தப் பலன் உண்டு. ராத்திரி மறுபடி சாப்பிடுகிறாள், சோறு மட்டும் ஒரு கரண்டி குறைவு. நோட்டில் 600 என்று எழுதிய இடத்தில் இப்போது 'ஆடிய நிமிஷம்' என்று எழுதுகிறாள். போன வாரம் போனில் சொன்னாள்:

"தம்பி, நேத்து 38 நிமிஷம்டா!"