ஏப்ரல் 1-இல் எவ்வளவு சரக்கு இருந்தது?

2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு தன் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டியிருந்த ரொக்கம், வங்கி இருப்பான 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டார். ஒரு வாரத்துக்குள், அதுவரை தணிக்கை செய்துவந்த பிரைஸ் வாட்டர்ஹவுஸ் நிறுவனம், தான் தந்த பழைய அறிக்கைகளை இனி யாரும் நம்ப வேண்டாம் என்று எழுதிவிட்டது. அடுத்து வந்த ஆடிட்டர்களுக்குக் காலூன்ற இடமில்லாமல் போனது.

போன வருடக் கணக்கின் இறுதி இருப்புதான் இந்த வருடத்தின் தொடக்க இருப்பு. வழக்கமாகப் புதிய ஆடிட்டர், முன்னவர் கையெழுத்திட்ட கணக்கைப் பார்ப்பார், சில கேள்விகள் கேட்பார், மேலே போவார். முன்னவரின் வேலையை நம்ப முடியாதபோது, தான் பார்க்காத வருடத்தையும் அவரே தோண்ட வேண்டியிருக்கும். தணிக்கைத் தரங்களில் 510-ஆம் எண் இதற்கென்றே இருக்கிறது.

சத்யத்தில் அந்த வேலை முடிந்து, திருத்திய கணக்கு வெளியாக 2010 செப்டம்பர் ஆகிவிட்டது. அப்போதும், 37 நிறுவனங்கள் தாங்கள் கொடுத்ததாக உரிமை கோரிய சுமார் 1,230 கோடி ரூபாயைச் சந்தேகக் கணக்கில்தான் நிறுத்திவைக்க முடிந்தது. ஆனால் ஒரு வகையில் அது சாஃப்ட்வேர் கம்பெனியாக இருந்தது நல்லதாயிற்று. வங்கி இருப்பை இன்று கேட்டாலும் பழைய தேதிக்கு வங்கி எழுதித் தரும். பாக்கிக்காரர் பிறகு பணம் கட்டியிருந்தால் அந்தப் பாக்கி உண்மை என்று ஏறக்குறைய நம்பலாம். சரக்குக்கு இந்த வசதி கிடையாது. அன்று கோடவுனில் இருந்த மூட்டைகள் இன்று விற்றுப்போயிருக்கும்.

ஒரு நூல் வியாபாரக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 1-இல் 8,000 கிலோ நூல் இருந்ததாகப் புத்தகம் சொல்கிறது. செப்டம்பரில் பொறுப்பேற்ற புதிய ஆடிட்டர் 30-ஆம் தேதி கோடவுனில் நின்று எடை போடுகிறார். இருப்பது 4,200 கிலோ. இடைப்பட்ட ஆறு மாதத்தில் வாங்கியது 18,000 கிலோ, விற்றது 19,000 கிலோ. பின்னோக்கிப் போட்டால், 4,200-உடன் விற்றதைக் கூட்டி வாங்கியதைக் கழிக்க, ஏப்ரல் 1-இல் 5,200 கிலோதான் இருந்திருக்க வேண்டும். 2,800 கிலோ குறைகிறது. கிலோ 250 ரூபாய் என்றால் 7 லட்சம்.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். அந்த 2,800 கிலோ ஏப்ரலிலேயே இல்லாமல் இருந்திருக்கலாம். ஏப்ரலுக்குப் பிறகு பில் இல்லாமல் விற்றும் இருக்கலாம். இந்தக் கணக்கு இரண்டையும் பிரித்துக் காட்டாது. முதலாவது என்றால் போன வருட லாபம் 7 லட்சம் கூடுதலாகக் காட்டப்பட்டிருக்கிறது. இரண்டாவது என்றால் இந்த வருட விற்பனை மறைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு வரிப் பொறுப்பும் உண்டு.

பிரித்தறிய வழி உண்டு, பொறுமை வேண்டும். வாங்கிய அளவைச் சப்ளையர்கள் ஜிஎஸ்டியில் தாக்கல் செய்ததோடும், வெளியே போனதை இ-வே பில்லோடும் ஒப்பிட வேண்டும். மார்ச் கடைசி வாரத்துப் பில்களையும் ஏப்ரல் முதல் வாரத்துப் பில்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மார்ச்சில் வந்ததாக எழுதிய சரக்கு ஏப்ரலில் இறங்கியிருப்பது அங்கேதான் பிடிபடும். போன வருட இருப்புப் பட்டியலில் உள்ள லாட் எண்கள் அந்தப் பட்டியலுக்கு முன்பே விற்ற பில்களில் இருந்தால், ஓட்டை பழையது. டிசம்பரில் மறுபடி எடை போட்டு, அந்த மூன்று மாதத்தில் புதிதாக எதுவும் குறையவில்லை என்றால் சந்தேகம் இன்னும் பழைய பக்கமே சாயும்.

ஓட்டை பழையது என்று தெரிந்தால், போன வருட எண்களை வெளிப்படையாகத் திருத்த வேண்டும். சத்தமில்லாமல் இந்த வருடச் செலவில் சேர்த்துவிடுவது இன்னொரு பொய்க் கணக்கு. எதுவும் நிரூபணமாகவில்லை என்றால், ஆடிட்டர் லாப நஷ்டக் கணக்கு பற்றி மட்டும் நிபந்தனையோடு கருத்துச் சொல்லி, தானே நின்று எண்ணிப் பார்த்த மார்ச் 31 ஐந்தொகையைச் சரியென்று சொல்லலாம். சர்வதேசத் தரம் இதற்கு இடம் தருகிறது. முதலாளிக்கு இது பிடிக்காது, கடன் கொடுத்த வங்கி கேள்வி கேட்கும். ஆனாலும், தெரியாததைத் தெரியாது என்று எழுதும் அந்த அறிக்கையே நேர்மையானது என்பது என் கருத்து.

ஆடிட்டர் மேல் நம்பிக்கை போய்விட்டது என்று தெரிந்த தொழில்முனைவோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தவர் வரும்வரை காத்திருக்காதீர்கள். வரும் மார்ச் 31 அன்று வெளியாள் ஒருவரை நிறுத்தி மூட்டைகளை எண்ணுங்கள்; லாட் எண், எடை, கடைசி வரவுப் பில் எண், கடைசி விற்பனைப் பில் எண் எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.